அம்மாவின் காப்பு

நேயர்களுக்கு வணக்கம். திருகோணமலையில் சட்டத்தரணியாகத் தொழில் பார்ப்பவன் நான். அடிக்கடி என் மேசைக்கு வரும் ஒரு கேள்வியைப் பற்றி இன்று பேசப் போகிறேன். விற்றவரும் பொய் சொல்லவில்லை, வாங்கியவரும் ஏமாளி இல்லை. ஆனால் கை மாறிய பொருள் இருவரும் நினைத்த பொருள் இல்லை. அப்போது என்ன செய்வது?

உப்புவெளியில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா காலமாகிவிட்டார். அக்காவும் இரண்டு தம்பிமாரும் இருக்கிறார்கள். அம்மா கையில் எப்போதும் கிடந்த ஒரு சோடிக் காப்பு, எடை 48 கிராம், அதாவது 6 பவுண். எல்லாருக்கும் அது 22 கரட் என்றுதான் தெரியும். கணக்கு இலகுவாக இருக்கப் பவுணுக்கு 2 இலட்சம் ரூபா என்று எடுப்போம். மொத்தம் 12 இலட்சம், ஆளுக்கு 4 இலட்சம். "அம்மாவின்ரை காப்பு எனக்கு வேணும்" என்கிறார் அக்கா. தம்பிமாரிடம் தலைக்கு 4 இலட்சம் கொடுத்துக் காப்பை எடுத்துக்கொள்கிறார்.

ஏழெட்டு மாதம் கழித்து, மகளின் படிப்புக்காகக் காப்பை ஈடு வைக்கப் போகிறார். மதிப்பிடுபவர் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே சிவப்பாகத் தெரிகிறது. செம்பு! மேலே தடிப்பாகப் பொன்தகடு போர்த்திருக்கிறது. சோதித்துப் பார்த்ததில் பொன் 8 கிராம்தான், அதாவது ஒரு பவுண். மிச்சம் 40 கிராமும் செம்பு. அந்தக் காப்பைச் செய்த பத்தரும் இன்று உயிரோடு இல்லை.

இந்த இடத்தில்தான் குடும்பங்கள் உடைகின்றன. "தெரிஞ்சுதான் என்ரை தலையில் கட்டினாங்கள்" என்று அக்கா சொல்கிறார். தம்பிமார் துடித்துப் போகிறார்கள். ஏமாற்று என்பது வேறு விஷயம். ஒருவர் உண்மை தெரிந்துகொண்டு மறைத்திருக்க வேண்டும், அதை நிரூபிக்கவும் வேண்டும். இங்கே மூவரும் ஒரே நம்பிக்கையில் இருந்தார்கள். இதைச் சட்டம் இருதரப்புத் தவறு என்று தனியாகப் பார்க்கிறது. இதில் யாரும் குற்றவாளி இல்லை.

இந்த வழக்கு எவ்வளவு பழையது தெரியுமா? நம் நாட்டின் பொதுச்சட்டத்துக்கு அடித்தளம் உரோமன் டச்சுச் சட்டம். இங்கே பிரெட்றிக் கோட்டையை வைத்திருந்த ஒல்லாந்தர் விட்டுப்போன சொத்து அது. அதன் வேர், 533 ஆம் ஆண்டில் உரோமச் சட்ட அறிஞர்களின் கருத்துகளைத் திரட்டி வெளியிட்ட தொகுப்பில் இருக்கிறது. அதில் உல்பியன் என்ற அறிஞர் எழுதியதைப் பாருங்கள். உடன் வாரிசுகள் சேர்ந்து, பொன் என்று சொல்லப்பட்ட ஒரு கைவளையைத் தங்களில் ஒருவருக்கே விற்கிறார்கள். பிறகு பார்த்தால் அதில் பெரும்பகுதி வெண்கலம். அப்படியே நம் உப்புவெளிக் காப்பு! முதல் தடவை இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன்.

அவர் சொன்ன விடை என்ன? வெண்கலத்தைப் பொன் என்று விற்றால் அந்த விற்பனை செல்லாது. காடியை வைன் என்று விற்றாலும் அப்படித்தான். பேசிய பொருளே அங்கே இல்லையே. ஆனால் அந்தக் கைவளையில் கொஞ்சமாவது பொன் இருந்தது. அதனால் விற்பனை நிற்கும் என்கிறார். பவுல் என்ற இன்னோர் அறிஞர், பொன் பொன்தான், ஆனால் தரம் குறைவு என்றால் விற்பனை செல்லும் என்கிறார். 22 கரட் என்று நினைத்தது 18 ஆக இருந்தால் இந்த வகைக்குள் வரும். முழுச் செம்பும் முழுப் பொன்னும் தெளிவானவை. இடையில் கிடக்கும் கலப்பு நகைதான் இன்றுவரை வாதத்துக்குரியது. ஆறில் ஒரு பங்கு பொன் என்றால் அது பொன் காப்பா, பொன் போர்த்த செம்பா? என் கருத்து இரண்டாவதுதான். ஆனால் உல்பியனைக் காட்டி எதிர்த்தரப்பு வாதாட இடம் இருக்கிறது என்பதையும் என்னிடம் வருபவர்களுக்குச் சொல்லிவிடுவேன்.

விற்பனை செல்லாது என்றால், காப்பு மீண்டும் மூவருக்கும் பொதுவாகிறது. தம்பிமார் வாங்கிய 4 இலட்சத்தைத் திருப்பித் தரவேண்டும். அப்புறம் உண்மையான பெறுமதியான 2 இலட்சத்தை மூன்றாகப் பிரித்தால் தலைக்கு 66,667 ரூபா. விற்பனை நிற்கும் என்றால் அக்கா வெறும் கையோடு போவாரா? இல்லை. பொருளின் தரம் சொன்னபடி இல்லாவிட்டால், அறியாமல் விற்றவரும் குறைவை ஈடுசெய்ய வேண்டும் என்பது அதே பழஞ்சட்டத்தின் நிலை. அந்த வழியிலும் தம்பிமார் தலைக்கு 3,33,333 ரூபாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு 66,667 ரூபாவை வைத்துக்கொள்வார்கள். பங்காளிகளுக்கிடையில் எந்த வழியில் போனாலும் தொகை ஒன்றாகவே வருகிறது. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி மூவர் முன்னாலும் வைத்தாலே பாதிச் சண்டை அடங்கிவிடும்.

கடையில் வாங்கியது என்றால் நிலைமை கொஞ்சம் மாறும். 1896 ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, வர்ணனை சொல்லி விற்ற பொருள் அந்த வர்ணனைக்குப் பொருந்த வேண்டும். பற்றுச்சீட்டில் 22 கரட் என்று எழுதியிருந்தால் கடைக்காரரின் நல்லெண்ணம் அவரைக் காப்பாற்றாது. வாங்கியவர் நகையைத் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் தெரிந்த பிறகு நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தாலோ, உருக்கிவிட்டாலோ அந்த உரிமை போய்விடும். மிஞ்சுவது நட்டஈடு மட்டும். அதனால் சந்தேகம் வந்த அன்றே நகையை அப்படியே வையுங்கள். பத்தர் "உருக்கிப் பார்த்தால் தெரிஞ்சிடும்" என்பார், விடாதீர்கள்.

அதற்குப் பதிலாக ஒரு சோதனை இருக்கிறது. உரைகல் மேற்பரப்பை மட்டுமே காட்டும், போர்த்த நகையிடம் அது தோற்றுப்போகும். எடைத் தராசில் நகையை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுங்கள். 48 கிராம் திண்ம 22 கரட் காப்பு தண்ணீருக்குள் ஏறக்குறைய 45.3 கிராம் காட்டும். நம் செம்புக் காப்பு 43.1 காட்டும். செம்பு இலேசு என்பதால் அதே எடைக்கு அதிக இடம் பிடிக்கும். உள்ளே வெற்றிடமோ அரக்கோ இருந்தால் இந்தக் கணக்குப் பிழைக்கும். அப்படிப்பட்ட நகையை இப்படிச் சோதித்து முடிவுக்கு வரக்கூடாது.

எல்லாருக்கும் சந்தேகம் இருந்து, "இருக்கிறபடியே எடுத்துக்கொள்" என்று விலையைக் குறைத்திருந்தால் அது இருதரப்புத் தவறு ஆகாது. அந்த இடரையும் சேர்த்துத்தான் வாங்கியவர் வாங்கியிருக்கிறார். அதனால்தான் எழுத்து முக்கியம். பிணக்கு மத்தியஸ்த சபைக்குப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். எழுதாத ஒப்பந்தத்துக்கு வழக்குப் போடும் காலமும் எழுதியதைவிடக் குறைவு.

உப்புவெளிக் குடும்பம் பங்கு பிரித்த அன்றே ஒரு வரி எழுதியிருந்தால் போதும்: "48 கிராம் சோடிக் காப்பை 22 கரட் என்று நம்பிச் சோதிக்காமல் பங்கிடுகிறோம்; குறைவு கண்டால் உண்மைப் பெறுமதிப்படி மீண்டும் பங்கிடுவோம்." கீழே மூன்று கையெழுத்து, ஒரு திகதி.