ஆண்டு விழாப் பள்ளிப் பாட்டு: மெட்டுக்குள் உட்கார மறுத்த ஒரு ‘து’

வணக்கம் நண்பர்களே. என் ஆர்மோனியத்தையும், எதையும் தாளம் போட்டுப் பார்க்காமல் நம்பாத என் பழக்கத்தையும் முந்தைய காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். இந்த வாரம் ஒரு சிறிய ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் ஆண்டு விழாவுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தேன். மெட்டை அவர்களே தந்துவிட்டார்கள். வரிகள் மட்டும்தான் என் பொறுப்பு. அதில் ஓர் எழுத்து என்னை மிகவும் அலைக்கழித்தது. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

மெட்டு சங்கராபரணம், ஆதி தாளம். ஒரு வரிக்கு எட்டு அட்சரம், அதாவது எட்டுத் தாள எண்ணிக்கை: ‘ஸ ஸ க க ப ம க ,’. ஏழு ஸ்வரங்களில் கடைசிக் காந்தாரம் மட்டும் இரண்டு அட்சரம் நீள்வதால், வரிக்கு ஏழு அசைகள் வேண்டும். இங்கே அசை என்று நான் சொல்வது யாப்பின் நேர், நிரை அல்ல, ஒரு ஸ்வரத்தில் அமரும் ஓர் ஒலித்துண்டு. ‘ஏரியோரம் பாடுவோம்’ என்பதை ஏ-ரி-யோ-ரம்-பா-டு-வோம் என்று பிரித்தால் ஏழும் சரியாக வந்துவிடும்.

மூன்றாம் வரிக்குப் பள்ளியிலிருந்து வந்த யோசனை ‘நல்ல நூல்கள் கற்பது’. எண்ணிப் பார்த்தால் இதுவும் ஏழு அசைதான், பொருளும் நல்ல பொருள்தான். ஆனால் பாடும்போது கடைசி ‘து’ இரண்டு அட்சரம் நீண்டு ‘கற்பதூ’ என்று ஒலிக்கிறது. குற்றியலுகரம் இயல்பிலேயே குறுகி ஒலிப்பது. அதை இழுத்தால் சொல்லே கெட்டுப்போகும். ஆகவே நீளும் ஸ்வரத்தில் ‘வோம்’, ‘மே’, ‘லே’ போன்ற நெடில் வந்தாக வேண்டும். ‘நல்ல நூல்கள் நாடுவோம்’ என்று மாற்றியதும் வரி அப்படியே நின்றது. ந-நா என்ற மோனையும் தானாகவே கிடைத்தது. மெட்டுக்கு எழுதுகிறவர்கள் அசையை எண்ணுவதோடு நிறுத்திவிடுவது எனக்கு அறவே பிடிக்காது.

இதை அழகாகக் காட்டும் பழைய சான்று ஒன்று உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் மேற்கத்திய மெட்டுகளுக்கு எழுதிய நோட்டுஸ்வரங்களில் ‘சந்ததம் பாஹிமாம்’ பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டில் அமைந்தது. அந்த மெட்டின் நான்காம் ஸ்வரம் ஒன்றரை அட்சரம், ஐந்தாவது அரை அட்சரம். ஒன்றரையில் ‘பா’ என்ற நெடிலும், அரையில் ‘ஹி’ என்ற குறிலும் வந்து அமர்கின்றன. இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாடிப் பாருங்கள், எவ்வளவு முரணாக ஒலிக்கிறது என்பது உடனே தெரியும்.

ஒன்றைச் சொல்லாமல் வந்துவிட்டேன், மீண்டும் மெட்டுக்கே போவோம். ஆதி தாளத்தில் லகு என்ற நான்கு அட்சரப் பகுதி முடிந்த பிறகுதான், துருதம் என்ற இரண்டு அட்சரப் பகுதி இரண்டு முறை வருகிறது. இந்த மெட்டு அந்த இடத்தில்தான் மூச்சு விடுகிறது. எனவே நான்காம் அசையோடு ஒரு சொல் முடிய வேண்டும். ‘கூடி விளையாடுவோம்’ என்பதும் ஏழு அசைதான், நெடிலில்தான் முடிகிறது. ஆனால் பிள்ளைகள் ‘கூடி விளை’ என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, ‘யாடுவோம்’ என்று தொடர்வார்கள். ‘ஓடி ஆடிக் கூடுவோம்’ என்றால் அந்தச் சிக்கலே இல்லை.

தலைமையாசிரியர் ஐயா, ‘ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி’ என்ற முழுப்பெயரும் முதல் வரியில் வர வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். அது பன்னிரண்டு அசை, ஏழுக்குள் அடங்காது. தாளம் போட்டுப் பாடிக் காட்டிய பிறகுதான், முழுப்பெயரை அறிவிப்பாளர் சொல்லட்டும், பாட்டில் ‘எங்கள் பள்ளி’ இருக்கட்டும் என்று இசைந்தார். எனக்கு அது பெரிய வெற்றி!

இப்போது முழுப்பாட்டையும் கேளுங்கள்.

ஏரியோரம் பாடுவோம்
எங்கள் பள்ளி போற்றுவோம்
நல்ல நூல்கள் நாடுவோம்
ஓடி ஆடிக் கூடுவோம்

வேம்பு தந்த நீழலே
வேற்றுமையைப் போக்குமே
ஆசான் சொன்ன பாதையே
நாளும் நம்மைக் காக்குமே

இரண்டாம் சரணத்தின் முதல் வரிக்கு முதலில் வந்தது ‘வேப்ப மர நிழலிலே’. அதில் எட்டு அசை. இடம் போதாமல் ‘நிழ’ என்பதைப் பிள்ளைகள் விழுங்கிவிடுவார்கள். அந்தப் பள்ளி வாசலில் உண்மையிலேயே வேப்பமரம் நிற்பதால் மரத்தை விட எனக்கு மனம் வரவில்லை. மரம் ‘வேம்பு’ ஆயிற்று, நிழல் ‘நீழல்’ ஆயிற்று. இதற்காகத்தான் ஒரு பொருளுக்குப் பல சொற்களைக் கைவசம் வைத்திருக்க வேண்டும் என்று எப்போதும் சொல்கிறேன்.

நிமிடத்துக்கு 96 அட்சரம் என்ற வேகத்தில் ஒரு சரணம் 20 நொடியில் முடியும். வரிக்கு ஐந்து நொடி. ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் மூச்சுக்கும் அது போதும். சுருதியை மட்டும் ஆசிரியரின் குரலுக்கு வைக்காமல், பஞ்சமத்தைச் சிறு பிள்ளைகள் கத்தாமல் தொடும்படி வையுங்கள். கழுத்து நரம்பு புடைத்தால் அரைக் கட்டை இறக்குங்கள். உங்கள் பள்ளி மெட்டு ஏதேனும் இருந்தால், ஒரு வரியின் ஸ்வரத்தை மட்டும் கீழே எழுதி அனுப்புங்கள். அடுத்த காணொளியில் அதற்குச் சொல் கட்டிப் பார்க்கலாம்.