லோகோ இனி நகராது

வணக்கம் மக்களே! சிவப்பு நிறத்தின் மேல் எனக்கு இருக்கும் பைத்தியம் உங்களுக்குத் தெரியும். இந்த வாரம் அந்தச் சிவப்போடுதான் சண்டை.

பழைய வீடியோக்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டால் மூலையில் இருக்கும் லோகோ ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தள்ளித் தள்ளி நிற்கிறது. கண்ணளவில் இழுத்து வைத்தால் அப்படித்தான் ஆகும். அதனால் லோகோவை மட்டும் தனிப் படமாக வைத்துக்கொள்வதை விட்டுவிட்டேன். 1920×1080 அளவில் வெறும் ஒளிபுகும் திரை ஒன்று, அதில் மேல் வலது மூலையில், இரண்டு ஓரங்களிலிருந்தும் 60 பிக்சல் உள்ளே லோகோ. மொத்தத்தையும் ஒரே PNG ஆகச் சேமித்தாயிற்று. இனி டைம்லைனில் மேல் டிராக்கில் போட்டால் போதும், எதையும் இழுக்க வேண்டாம். கீழ் மூலை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, அங்கே சப்டைட்டில் வந்து மோதும்.

இப்போது சிவப்பு. #E10600, என் செல்ல நிறம். எடிட்டரில் பளிச்சென்று இருந்த லோகோவின் சிவப்பு எழுத்து, எக்ஸ்போர்ட் செய்ததும் ஓரமெல்லாம் கசங்கித் தெரிந்தது. பிட்ரேட்டை ஏற்றிப் பார்த்தேன், மறுபடி ஏற்றினேன், அசையவில்லை! காரணம் பிட்ரேட் இல்லை, 4:2:0 என்ற நிறப் பதிவு முறை. நாம் வழக்கமாக எடுக்கும் வீடியோவில் வெளிச்சம் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனியாகப் பதிவாகிறது. நிறமோ நான்கு பிக்சலுக்கு ஒன்றுதான். கருப்பு மேல் மெல்லிய சிவப்புக் கோடு போட்டால் வெளிச்சத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, கோட்டைக் காட்டுவதே நிறம்தான். அது கசங்காமல் என்ன செய்யும்? வெள்ளைக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஆகவே வாட்டர்மார்க், அதாவது மூலையில் நிற்கும் அந்த லோகோ, இனி வெள்ளை, பாதி ஒளிபுகும்படி. வெளிச்சமான காட்சியில் காணாமல் போகாமலிருக்க மெல்லிய கருநிழல். எக்ஸ்போர்ட் ஆன ஃபைலைப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஓரம் கத்தி மாதிரி இருக்கிறது. அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், சிரிக்காதீர்கள்.

சிவப்பை அடியோடு விட்டுவிடுவேனா? இன்ட்ரோவில் முழுப் பட்டையாக வருகிறது. பெரிய பரப்பில் கசங்கல் தெரியாது. மூன்று நொடி இன்ட்ரோ, அதற்கு மேல் போனால் நானே தள்ளிவிட்டுப் பார்ப்பேன். லோகோ பறந்து வந்து, வாட்டர்மார்க் இருக்கும் அதே புள்ளியில், அதே அளவில் நிற்கிறது. அடுத்த ஃபிரேமில் PNG ஆரம்பம், ஒட்டுப்போட்டதே தெரியவில்லை. வீடியோ மேலேயே இன்ட்ரோ ஓட வேண்டுமென்றால் H.264 எம்பி4 உதவாது, பின்னால் கருப்புப் பெட்டி வந்துவிடும். ProRes 4444 ஆக, ஒளிபுகும் பகுதியைக் காக்கும் ஆல்ஃபாவோடு எடுங்கள்.

ஐயோ, ஒன்றை விட்டுவிட்டேன். 4K-வில் எடிட் செய்கிறவர்கள் அந்த PNG-ஐ 3840×2160 அளவில், ஓரத்தில் 120 பிக்சல் விட்டுச் செய்யுங்கள். சின்ன ஃபைலைப் போட்டால் சில எடிட்டர்கள் அதை நடுத்திரையில் குட்டியாக வைத்துவிடும், லோகோ மூலையை விட்டு உள்ளே வந்து நிற்கும். அப்புறம் சேனல் பெயரையும் எழுத்தாக விடாமல் படமாக மாற்றிவிடுங்கள். வேறு கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் எடிட்டர் தன் இஷ்டத்துக்கு ஒன்றைப் போட்டுக்கொள்ளும்.

ஷார்ட்ஸுக்கு இதே ஃபைல் ஆகாது, 1080×1920-ல் தனியாகச் செய்ய வேண்டும். வலது ஓரத்திலும் அடியிலும் பட்டன்களும் தலைப்பும் உட்கார்ந்துகொள்ளும். லோகோவை எங்கே வைப்பது என்று இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறேன், முடிந்ததும் காட்டுகிறேன்.