தெரியாத வேலையை மறுத்து, தெரிந்தவரைக் கைகாட்டும் கடிதம்

கேள்வி: "நான் கதை, கட்டுரை மொழிபெயர்ப்பவள். மூன்று வருடமாக வேலை தரும் நிறுவனம் இப்போது மருந்துப் பரிசோதனைக்கான ஒப்புதல் படிவத்தை மொழிபெயர்க்கச் சொல்கிறது. எனக்குப் பழக்கமில்லை. என் தோழி இதே வேலைதான் செய்கிறாள். உறவு கெடாமல் எப்படி எழுதுவது?"

முதலில் கடிதத்தைத் தொடாதீர்கள், தோழிக்கு ஃபோன் செய்யுங்கள். நிறுவனத்தின் பெயரும் வேண்டாம், படிவத்தை அனுப்பவும் வேண்டாம். அது உங்களை நம்பிக் கொடுத்த ஆவணம். "மருந்துப் பரிசோதனை ஒப்புதல் படிவம், இத்தனை பக்கம், இந்தத் தேதிக்குள் வேண்டுமாம். உன் பெயரைச் சொல்லலாமா?" என்று மட்டும் கேளுங்கள். நான் ஒரு தடவை கேட்காமலேயே நண்பர் ஒருவருடைய எண்ணைக் கொடுத்துவிட்டேன். அவர் அப்போது விடுப்பில் இருந்தார். இரண்டு நாள் கழித்து வாடிக்கையாளர் திரும்ப என்னிடமே வந்தார், கெடு மட்டும் இரண்டு நாள் குறைந்திருந்தது.

தோழி சரி என்றதும் நிறுவனத்துக்கு அன்றைக்கே எழுதிவிடுங்கள். நீங்கள் யோசிக்கிற ஒவ்வொரு நாளும் அவருடைய கெடுவிலிருந்துதான் கழிகிறது.

கடிதத்தில் பலர் தடுமாறுவது காரணம் சொல்லும் இடத்தில். "இந்த வாரம் கொஞ்சம் வேலை அதிகம்" என்று எழுதினால் அந்த நேரத்துக்குத் தப்பிக்கலாம். ஆனால் அடுத்த மாதம் இதே மாதிரி இன்னொரு படிவம் வரும், அப்போது என்ன சொல்வீர்கள்? உண்மையான காரணத்தையே சொல்லுங்கள், அதை உங்கள் குறையாக இல்லாமல் அந்த வேலையின் தன்மையாகச் சொல்லுங்கள். ஒப்புதல் படிவத்தில் 'பக்கவிளைவு ஏற்படலாம்' என்பதில் அந்த 'லாம்' விழுந்து 'ஏற்படும்' ஆனால் அர்த்தமே வேறு. கதை மொழிபெயர்க்கிற நமக்கு வாக்கியத்தை இழைத்து அழகாக்கிப் பழக்கம். இங்கே அந்தப் பழக்கமே ஆபத்து. இந்த வகைப் படிவங்களை வேறொருவர் மூலத்தைப் பார்க்காமல் திரும்ப மூல மொழிக்கே மாற்றி ஒப்பிட்டுப் பார்ப்பதும் உண்டு. மொழிபெயர்ப்பு சரியானது என்று கையெழுத்திட்டுக் கொடுக்கவும் கேட்பார்கள். நம்பிக்கையில்லாமல் போடுகிற கையெழுத்து நல்லதில்லை.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"வணக்கம். ஒப்புதல் படிவத்துக்கு என்னை நினைத்ததற்கு நன்றி. இந்த வேலையை நான் ஏற்கவில்லை. மருத்துவ ஆய்வு ஆவணங்களில் எனக்கு அனுபவம் இல்லை. பங்கேற்பவர் படித்துக் கையெழுத்திடும் ஒன்றில் நான் கற்றுக்கொண்டு செய்வது சரியாக இருக்காது. இதையே தொடர்ந்து செய்யும் என் தோழி ஒருவரைப் பரிந்துரைக்கிறேன். நான்கு வருடமாக அவரை அறிவேன். அவர் மொழிபெயர்த்த நோயாளிக் கையேடுகளை நான் மெய்ப்புப் பார்த்திருக்கிறேன். சந்தேகமான சொல்லை ஊகித்து எழுதாமல் குறித்துவைத்துக் கேட்பவர். இந்தத் தேதிக்குள் முடியும் என்றார். கட்டணத்தை அவரிடமே பேசிக்கொள்ளுங்கள். அவர் அனுமதியுடன் எண்ணைக் கீழே தருகிறேன். உங்கள் படிவத்தை அவருக்கு அனுப்பவில்லை. கட்டுரைகள், செய்திமடல்களுக்கு வழக்கம்போல என்னை அழையுங்கள்."

'தோழி' என்கிற இடத்தில் முழுப்பெயரைப் போடுங்கள். மறுப்பு மூன்றாவது வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது, கவனித்தீர்களா? அதைக் கடைசிக்குத் தள்ளினால் பாதிவரை நீங்கள் ஒத்துக்கொண்டதாகவே படிப்பார்கள். அப்புறம் தோழியைப் பற்றி 'மிகத் திறமையானவர்' என்று எழுதாமல், நீங்கள் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். நான்கு வருடம், மெய்ப்பு என்பதெல்லாம் என் உதாரணம். உங்களுக்கு அவரோடு எது நடந்ததோ அதைப் போடுங்கள். அவருடைய மருத்துவ மொழிபெயர்ப்பை நீங்கள் படித்ததே இல்லை என்றால், "பழகிய அளவில் நம்பகமானவர், மாதிரிப் பக்கம் கேட்டுப் பாருங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்று பெயர் கொடுக்கிறவர்களும் உண்டு. அப்போது தேர்ந்தெடுக்கும் வேலை மறுபடி நிறுவனத்தின் தலையில்தான் விழும். இதற்காகத் தோழியிடமிருந்து உங்களுக்குப் பங்கு ஏதாவது வருமென்றால் அதையும் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.

சில சமயம் "பரவாயில்லை, கூடுதல் நாள் தருகிறோம், நீங்களே செய்யுங்கள்" என்று பதில் வரும். உங்களோடு பழகிவிட்டதால் வருகிற பதில்தான் அது. அதற்கு இன்னொரு நீண்ட கடிதம் தேவையில்லை. "நாள் கூடினாலும் இதைச் சரிபார்க்கும் அறிவு எனக்கு வராது. அவர் முடித்துக் கொடுத்த பிறகு, பொதுவாசகருக்கு எங்கே புரியவில்லை என்று படித்துச் சொல்ல வேண்டுமானால் நான் தயார்" என்று எழுதினால் போதும். அந்த வேலையை உங்களால் நன்றாகவே செய்ய முடியும்.