குடலில் இஞ்சி செய்யும் வேலை

நேயர்களுக்கு வணக்கம். குமட்டலுக்கு இஞ்சி கேட்கும் என்பது எல்லோரும் அறிந்த சங்கதி. ஆனால் வயிற்றுக்குள் போன பிறகு அது என்ன செய்கிறது? அதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தை ஒருவருக்கு ரத்தக்குழாய் வழியாக ஏற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தடுப்பு மருந்து எதுவும் தராவிட்டால் ஓரிரு மணி நேரத்தில் அவருக்குக் கடுமையான வாந்தி தொடங்கிவிடும். மருந்து ஏறுவது ரத்தத்தில், ஆனால் கலவரம் தொடங்குவது குடலில். செரட்டோனின் என்பது செல்கள் சேதி அனுப்பப் பயன்படுத்தும் ஒரு வேதிப்பொருள். நம் உடம்பில் உள்ள செரட்டோனினில் 90 சதவீதத்துக்கும் மேல் குடலில்தான் இருக்கிறது. குடலின் உள்தோலில் ஆங்காங்கே இருக்கும் சில செல்கள் அதைச் சேர்த்து வைத்திருக்கின்றன. சிஸ்பிளாட்டின் அந்த செல்களைத் தாக்கியதும் உள்ளே இருக்கும் செரட்டோனின் கொட்டிவிடுகிறது. பக்கத்திலேயே, குடலிலிருந்து மூளைக்குச் சேதி கொண்டுபோகும் வேகஸ் நரம்பின் நுனிகள் இருக்கின்றன. அந்த நுனிகளில் செரட்டோனினுக்கான மூன்றாம் வகை ஏற்பிகள் பதிந்திருக்கின்றன.

இந்த ஏற்பியை ஒரு கதவு என்றே சொல்லலாம். ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாக நின்று நடுவில் ஒரு துளையை அடைத்திருக்கின்றன. செரட்டோனின் வந்து ஒட்டியதும் துளை திறக்கிறது, சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன, நரம்பில் மின்துடிப்பு கிளம்பி மூளைத் தண்டில் உள்ள முகுளத்துக்குப் போகிறது. அங்கேதான் குமட்டலாகவும் வாந்தியாகவும் மாறுகிறது.

வாந்தியைத் தடுக்க மருத்துவர்கள் தரும் ஒண்டான்செட்ரான் மாத்திரை, செரட்டோனின் ஒட்ட வேண்டிய அதே இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. இஞ்சியின் காரத்துக்குக் காரணமான ஜிஞ்சரால் அப்படிச் செய்வதில்லை. அந்த இடத்தை விட்டுவிட்டு, அதே ஏற்பியில் வேறொரு இடத்தில் ஒட்டுகிறது. செரட்டோனின் வந்து ஒட்டினாலும் துளை சரியாகத் திறக்காது.

இது எப்படித் தெரிந்தது? அந்தச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. இந்த ஏற்பிகள் உள்ள செல்களில் தடுப்புப் பொருளைப் போட்டுவிட்டு, செரட்டோனினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். தடுப்பது அதே இடத்துக்குப் போட்டி போடும் பொருள் என்றால், செரட்டோனின் போதுமான அளவு பெருகியதும் அதைத் தள்ளிவிட்டு இடத்தைப் பிடிக்கும், மின்னோட்டம் பழைய உச்சத்தைத் தொட்டுவிடும். இஞ்சியின் காரப் பொருட்களைப் போட்டபோது அப்படி நடக்கவில்லை. எவ்வளவு செரட்டோனின் ஊற்றினாலும் உச்சம் தாழ்ந்தே இருந்தது. அப்படியென்றால் அவை ஒட்டும் இடம் வேறு.

சுக்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். இஞ்சி காயும்போதும் சூடாகும்போதும் ஜிஞ்சராலில் ஒரு பகுதி நீரை இழந்து ஷோகாலாக மாறுகிறது. ஆய்வகத்தில் ஷோகால் இந்த ஏற்பியை ஜிஞ்சராலைவிட வலுவாகவே தடுக்கிறது. அதனால் பச்சை இஞ்சியும் சுக்கும் எடைக்கு எடை ஒன்றல்ல.

சரி, நோயாளிகளிடம் இது பலித்ததா? அமெரிக்காவில் கீமோதெரபி எடுத்துக்கொண்ட 576 பேரின் முடிவுகள் 2012-இல் வெளிவந்தன. எல்லோருக்கும் ஒண்டான்செட்ரான் வகை மருந்து கொடுத்தார்கள். அதற்கு மேல் சிலருக்கு இஞ்சி, சிலருக்கு வெற்று மாத்திரை. சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பே தொடங்கினார்கள். முதல் நாள் குமட்டல் இஞ்சி எடுத்தவர்களுக்குக் குறைந்தது. நாளுக்கு அரை கிராமும் ஒரு கிராமும் நன்றாக வேலை செய்தன, ஒன்றரை கிராம் அவற்றை மிஞ்சவில்லை. இஞ்சிக்கும் மாத்திரைக்கும் ஒட்டும் இடம் வேறு என்பதால், ஒன்றின் மேல் ஒன்று பலன் தருவது நடக்கக்கூடியதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பலன் தெரியாத ஆய்வுகளும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது.

முதல் நாள் என்றேன் அல்லவா? சிஸ்பிளாட்டின் ஏற்றி 24 மணி நேரம் கழித்து வரும் குமட்டலை ஓட்டுவது பெரும்பாலும் மூளையில் வேலை செய்யும் வேறொரு பொருள், சப்ஸ்டன்ஸ் பி. குடலில் செரட்டோனின் கதவை அடைப்பதால் அது அவ்வளவாக அடங்காது. ஜிஞ்சராலோ குடலைத் தாண்டியதும் வேகமாக உருமாறிவிடுகிறது, ரத்தத்தில் அதன் சொந்த வடிவில் மிகக் குறைவாகவே மிஞ்சுகிறது. பயணத்தில் வரும் குமட்டலும் அப்படித்தான். அது தொடங்குவது உள்காதில். அதனால்தான் ஒண்டான்செட்ரானும் அங்கே பெரிதாக உதவுவதில்லை.

அப்புறம் ஒன்று. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும், கீமோதெரபியால் ரத்தத் தட்டணுக்கள் குறைந்தவர்களும் இஞ்சி மாத்திரையைத் தாங்களாகவே தொடங்க வேண்டாம். சிகிச்சை தரும் மருத்துவரிடம் அளவையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள். இஞ்சி எடுத்த பிறகு நெஞ்செரிச்சல் வந்தால் அளவைக் குறையுங்கள். நன்றி, வணக்கம்.