முதுகில் ஊசி போட்ட பிறகு எழும்பினால் தலையிடி, படுத்தால் சுகம்: ஏன்?

கேள்வி: "வணக்கம் டொக்டர், நான் சுன்னாகத்தில இருந்து கேக்கிறன். வியாழக்கிழமை என்ர மனுசிக்கு முதுகில ஊசி போட்டு சீசர் செய்தவை. சனிக்கிழமையில இருந்து எழும்பி இருந்தாலே தலை வெடிக்கிற மாதிரி இடிக்குது, படுத்தால் நிக்குது. தலைக்கு வார்த்ததாலதான் எண்டு மாமி சொல்லுறா. ஊசியைப் பிழையான இடத்தில குத்திப் போட்டினமோ?"

வணக்கம் தம்பி. முதலில் அந்தக் கடைசிக் கேள்விக்கே வருகிறேன், ஏனென்றால் உங்களைப் பயப்படுத்துவது அதுதான். சீசருக்குப் போடும் ஊசி இடுப்புப் பகுதியில், முள்ளந்தண்டு நரம்பு முடிகிற இடத்துக்குக் கீழே போகிறது. அங்கே நரம்புகளைச் சுற்றி ஒரு சவ்வுப் பை இருக்கிறது, அதற்குள் தெளிந்த நீர் இருக்கிறது. ஊசி அந்தச் சவ்வைத் துளைக்கத்தான் வேண்டும். ஊசியின் பின்பக்கத்தில் அந்தத் தெளிந்த நீர் ஒரு சொட்டு எட்டிப் பார்த்த பிறகுதான் நாங்கள் மருந்தைச் செலுத்துவோம். சரியான இடத்தில் இருக்கிறோம் என்பதற்கு அந்தச் சொட்டுத்தான் சாட்சி. ஆகவே துளை விழுந்தது பிழையால் அல்ல. அந்தத் துளை சிலருக்கு உடனே மூடாமல் கசிவதுதான் இந்தத் தலையிடி.

மூளையையும் முள்ளந்தண்டு நரம்பையும் சுற்றியிருக்கும் இந்த நீர் மொத்தமாக ஏறக்குறைய 150 மில்லிலீற்றர்தான். மூளை அதற்குள்தான் மிதக்கிறது. கசிவால் நீர் குறைந்தால், நிமிர்ந்து இருக்கும்போது மூளை சற்றுக் கீழே இறங்குகிறது. அப்போது அதைச் சுற்றியுள்ள சவ்வுகளும் இரத்தக் குழாய்களும் இழுபடுகின்றன, நோகிறது. மட்டமாகப் படுத்தால் அந்த இழுவை இல்லை, நோவும் இல்லை. தலைக்கு வார்த்ததற்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று மாமிக்குப் பக்குவமாகச் சொல்லுங்கள். 1898ஆம் ஆண்டு இந்த முறையைத் தொடங்கி வைத்த ஜெர்மனிய வைத்தியர் ஓகஸ்ட் பியருக்கே, தன் முதுகில் ஊசி ஏற்றிப் பார்த்தபோது இதே தலையிடி வந்தது. படுத்தால் அவருக்கும் சுகமாக இருந்தது.

இப்போது பாவிக்கும் ஊசிகள் மிக மெல்லியவை. பென்சில் முனை போன்ற ஊசியால் துளைத்தால், வெட்டும் முனையுள்ள ஊசியைவிடக் கசிவு நன்றாகக் குறையும். அப்படியும் இளம் பெண்களுக்கு, குறிப்பாகப் பிள்ளைப் பெற்றவர்களுக்கு, இது கொஞ்சம் கூடவே வருகிறது. பிரசவ வலிக்குப் போடும் எபிடியூரல் வேறு மாதிரி. அந்த ஊசி தடிப்பானது, சவ்வைத் துளைக்காமல் வெளியே நிற்க வேண்டியது. தவறி உள்ளே போனால் தலையிடி வரும் வாய்ப்பு மிக அதிகம்.

சரி, உங்கள் மனைவிக்கு இருப்பது இதுதானா? ஒரு விடயத்தைக் கவனமாகப் பாருங்கள். காலையில் படுக்கையில் இருக்கும்போது தலை எப்படி என்று கேளுங்கள். பிறகு எழுந்து இருக்கச் சொல்லி மணிக்கூட்டைப் பாருங்கள். சுமார் 15 நிமிடத்துக்குள் நெற்றியிலோ பிடரியிலோ நோவு ஏறி, திரும்பப் படுத்தால் அதே அளவு நேரத்துக்குள் தணிந்தால், அநேகமாக இதுதான். பிடரி இறுக்கம், காது அடைத்த மாதிரி இரைச்சல், வெளிச்சம் கூசுதல், குமட்டல் இவையும் சேர்ந்து வரலாம். ஊசி போட்ட மறுநாளோ அதற்கடுத்த நாளோ தொடங்குவதுதான் வழமை, நீங்கள் சொல்லும் சனிக்கிழமையும் அதற்குச் சரியாகப் பொருந்துகிறது.

ஆனால் நாட்களும் குணமும் பொருந்துகிறது என்று வீட்டிலேயே முடிவெடுக்க வேண்டாம். இன்றைக்கே பிரஷர் பார்க்க வேண்டும். பிள்ளை பிறந்த பிறகும் ஆறு கிழமை வரை பிரஷர் ஏறி வலிப்பு வரக்கூடும், அதன் முதல் அறிகுறியும் தலையிடிதான். 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் அன்றே ஆஸ்பத்திரி. 160/110 என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1990 அம்புலன்சை அழையுங்கள். படுத்தாலும் தலையிடி நிற்காமல் போவது, கண் மங்குவது, மேல்வயிற்று நோவு, காய்ச்சல், வலிப்பு, கை கால் பலவீனம், அளவுக்கு மீறிய தூக்கம், கால் மரத்துப்போவது, சலம் கழிக்க முடியாமை, இதில் எது வந்தாலும் அதேதான். படுத்தால் தணிந்துகொண்டிருந்த தலையிடி ஒரு நாள் படுத்தாலும் இடிக்கத் தொடங்கினால் அதை நான் மிகவும் பாரதூரமாக எடுப்பேன். மூளை இறங்கியதால் சிறு நாளம் கிழிந்து இரத்தம் கசிந்திருக்கலாம், அல்லது மூளையின் நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம்.

இவை ஒன்றும் இல்லை, பிரஷரும் சரி என்றால் அநேகருக்கு ஒன்றிரண்டு கிழமைக்குள் தானாகவே மாறும். பனடோல் 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. ஒரு நாளுக்கு எட்டுக்கு மேல் கூடாது, 50 கிலோவுக்குக் குறைந்தவர் டொக்டரிடம் கேட்டுத்தான் போட வேண்டும். ஆஸ்பத்திரியில் தந்துவிட்ட குளிசைகளில் ஏற்கெனவே அதுவே இருக்கிறதா என்று பாருங்கள். பால் கொடுப்பவர் போடலாம். பாலைச் சரிந்து படுத்தபடியே கொடுக்கட்டும், பிள்ளையைத் தூக்கி வந்து பக்கத்தில் வைப்பது உங்கள் வேலை. கோப்பி ஒரு கப் சிலருக்குக் கொஞ்ச நேரம் சுகம் தரும், துளையை மூடாது.

பத்தியம் என்று தண்ணீரைக் குறைப்பது எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறது. அதைச் செய்ய வேண்டாம், தாகத்துக்கு நன்றாகக் குடிக்கட்டும். அதே நேரம் லீற்றர் லீற்றராகக் குடிக்க வைத்தாலும் துளை சீக்கிரம் மூடாது. நாள் முழுக்கப் படுக்கையிலேயே கிடப்பதும் கூடாது. பிள்ளைப் பெற்றவர்களுக்குக் காலில் இரத்தம் கட்டும் ஆபத்து இருக்கிறது. தாங்கக்கூடிய அளவு எழும்பி நடக்கட்டும், படுத்திருக்கும்போது பாதங்களை அசைக்கட்டும்.

இருந்து பிள்ளையைப் பார்க்கவே முடியவில்லை, இரண்டு மூன்று நாளிலும் குறையவில்லை என்றால் தாங்கிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம். சீசர் செய்த ஆஸ்பத்திரியில் மயக்க மருந்துப் பிரிவைக் கேளுங்கள். இரத்தத்தால் துளையை அடைக்கும் ஒரு சிகிச்சை இருக்கிறது. கையிலிருந்து மிகச் சுத்தமாக அவருடைய சொந்த இரத்தம் 20 மில்லிலீற்றர் வரை எடுத்து, முதுகில் பழைய துளைக்கு அருகே, சவ்வுக்கு வெளியே உள்ள இடத்தில் மெதுவாகச் செலுத்துவோம். இடுப்பு இறுக்கமாக நோகிறது என்று அவர் சொன்னால் நிறுத்துவோம். அந்த இரத்தம் உறைந்து துளையை மூடும். ஒன்றிரண்டு மணித்தியாலம் படுத்திருந்து எழும்பும்போது பலருக்குத் தலையிடி போயிருக்கும். சிலருக்குத் திரும்ப வரும், இரண்டாம் முறை செய்ய நேரிடும். சில நாளுக்கு இடுப்பு நோவும் இருக்கலாம், பாரம் தூக்கக் கூடாது.

காய்ச்சல் இருந்தால் இதைச் செய்ய மாட்டோம். இரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் ஊசி போடுகிறார் என்றால், கடைசி ஊசி எத்தனை மணிக்குப் போட்டது என்று கட்டாயம் சொல்லுங்கள், அதற்கேற்ப நேரம் தள்ளித்தான் செய்வோம். போகும்போது டயக்னோசிஸ் கார்ட்டையும் கொண்டு போங்கள். அடுத்த பிள்ளைக்கு இதே ஊசி போட முடியுமா என்றால், போடலாம். இந்தத் தலையிடி வந்த கதையை அப்போது இருக்கும் டொக்டரிடம் முதலே சொன்னால் போதும்.