பணத்தைப் போட ஒருவர், விட இன்னொருவர்

நேயர்களுக்கு வணக்கம். மண்டபம் பக்கம் நண்டு, கணவாய் வாங்கும் கம்பெனிகளுக்குக் கணக்குப் பார்ப்பது என் தொழில். மகளிர் குழுவில் இருப்பவர்களுக்கு நான் சொல்லப்போவதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும். குழுக் கணக்கிலிருந்து பணம் எடுக்க இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் அல்லவா? ஒருவர் வெளியூர் கல்யாணத்துக்குப் போகிறார் என்று நான்கு காசோலைத் தாளில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவதையும் பார்த்திருப்பீர்கள். அதே விஷயம்தான் இன்று கம்பெனிகளின் இணைய வங்கிக் கணக்கில் மேக்கர், செக்கர் என்ற பெயரில் இருக்கிறது. மேக்கர் என்றால் பணம் அனுப்பும் விவரத்தைப் போடுபவர். செக்கர் என்றால் அதைச் சரிபார்த்து, போகட்டும் என்று விடுபவர். செக்கர் விடும்வரை கணக்கிலிருந்து ஒரு ரூபாய் நகராது.

ஒரு நாள் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். நண்டு எடை போடும் இடத்தில் ஒவ்வொரு படகுக்கும் ஒரு துண்டுச் சீட்டு எழுதுவார்கள். படகுக்குச் சொந்தக்காரரான ஒரு சம்மாட்டியின் சீட்டில் 54 கிலோ, கிலோ 420 ரூபாய் என்று இருக்கும். 22,680 ரூபாய். வலை வாங்கக் கொடுத்த முன்பணத்தில் 3,000 கழித்தால் 19,680. இப்படி ஒரு சாயங்காலத்துக்கு இருபது, இருபத்தைந்து சீட்டு சேரும். அலுவலகத்தில் இருக்கும் பெண் இவற்றை எக்செல்லில் ஏற்றி, ஒரே கோப்பாக வங்கித் தளத்தில் போடுகிறாள். அவள்தான் மேக்கர். முதலாளி தன் ஐடியில் உள்ளே போனால், அனுமதிக்காகக் காத்திருப்பவை என்று அந்தக் கோப்பு நிற்கும். பார்த்து விடலாம், அல்லது காரணம் எழுதித் திருப்பி அனுப்பலாம். போட்டவர் ஐடியிலேயே அதை விட முடியாது. விடுபவர் தொகையைத் திருத்தவும் முடியாது. தப்பு என்றால் மறுபடி முதலிலிருந்து வரவேண்டும். கொஞ்சம் எரிச்சலான ஏற்பாடு. கரையில் சம்மாட்டி “காசு ஏறலையே”ன்னு நிற்கும்போது இன்னும் எரிச்சல்.

சரி, இவ்வளவு இருந்தும் நான் கணக்குப் பார்த்த ஒரு கம்பெனியில் 2,18,000 ரூபாய் போனது. ஊரும் பெயரும் வேண்டாம்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கிய சமயம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். அது முடிந்த முதல் வாரத்தில் ஐஸ் கணக்கு எகிறும். ஐஸ் கம்பெனியின் பெயரில், அவர்களுடைய பில் மாதிரியே ஒரு பில்லோடு வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. “எங்கள் பழைய கணக்கில் தணிக்கை நடக்கிறது, இந்த முறை மட்டும் கீழே உள்ள கணக்குக்கு அனுப்பவும்.” பில்லில் இருந்த தொகை சரியானது. அதனால் அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம் வரவில்லை. புதிய கணக்கு எண்ணை, ஐஸ் கம்பெனியின் பெயரிலேயே பயனாளியாகச் சேர்த்தாள். முதலாளிக்கு அதுவும் அனுமதிக்கு வந்தது. விட்டார். மறுநாள் தொகையும் அனுமதிக்கு வந்தது. அதையும் விட்டார். ஆறாவது நாள் ஐஸ் கம்பெனி மேனேஜர் போன் செய்து, “என்னண்ணே, இந்தத் தடவை இவ்வளவு இழுத்துட்டீங்க” என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்து புகார் கொடுத்தோம். அந்தக் கணக்கு எங்கோ வடக்கே இருந்தது. பணம் வந்த அன்றே நாலைந்து கணக்குகளுக்குப் பிரிந்து போயிருந்தது. சில மணி நேரத்துக்குள் சொல்லியிருந்தால் கொஞ்சமாவது நிறுத்தியிருக்கலாம். ஆறு நாள் கழித்து என்ன செய்ய?

முதலாளி என்னிடம் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. “நான் பார்த்துத்தானே விட்டேன்.” பார்த்தார்தான். எதைப் பார்த்தார்? திரையில் ஐஸ் கம்பெனியின் பெயர் இருந்தது, தொகை பில்லோடு ஒத்துப்போனது. அந்தப் பெயரைத் தட்டியது அந்தப் பெண். பில்லைக் காட்டியதும் அவள். அவளை ஏமாற்றிய தாளே இவர் கைக்கும் வந்தது. இரண்டு பேர் இருந்தார்கள், ஆனால் இரண்டு பேரும் ஒரே தாளைத்தான் படித்தார்கள்.

இதில் வங்கியின் பக்கம் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் வழியாக அனுப்பும் பணம் கணக்கு எண்ணைப் பார்த்துத்தான் வரவு வைக்கப்பட்டு வந்தது. நீங்கள் பெயர் இடத்தில் என்ன எழுதினாலும், எண் யாருடையதோ அவருக்குப் போகும். யுபிஐயில் அனுப்பும்போது எதிராளியின் பெயர் திரையில் வருகிறதே, அந்த வசதி இங்கே வெகுகாலம் இல்லை. கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சியும் கொடுத்தால், வங்கியில் பதிவான உண்மைப் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொன்னது. செக்கர் பார்க்க வேண்டிய பெயர் அதுதான், மேக்கர் தட்டிய பெயர் கிடையாது. எங்கள் சம்பவம் அதற்கு முந்தையது.

பெரிய இடத்திலும் இப்படி நடந்திருக்கிறது. 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் சிட்டி வங்கி, ரெவ்லான் என்ற அழகுப்பொருள் கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்களுக்குச் சுமார் 78 லட்சம் டாலர் வட்டி அனுப்ப வேண்டியிருந்தது. போனது ஏறக்குறைய 90 கோடி டாலர். அங்கே இரண்டு பேர் மட்டும் இல்லை, மூன்று பேர் பார்த்து விடும் முறை. அசல் தொகை வங்கியின் உள்கணக்கிலேயே நிற்க, திரையில் மூன்று கட்டங்களைக் குறிக்க வேண்டும். ஒன்றைத்தான் குறித்தார்கள். அந்த ஒன்று போதும் என்று போட்டவரும் நினைத்தார், பார்த்தவரும் நினைத்தார், கடைசியில் விட்டவரும் நினைத்தார். பணத்தைத் திரும்ப வாங்க வழக்கு 2022 வரை இழுத்தது. அவ்வளவு பெரிய வங்கிக்கே இப்படி என்று நம் முதலாளிக்கு ஆறுதலாகச் சொன்னேன். அவருக்கு ஆறுதலாக இல்லை.

அப்புறம் நாங்கள் மாற்றியது இதுதான். புதிய பயனாளி, அல்லது பழைய பயனாளிக்குப் புதிய கணக்கு எண் என்று வந்தால், செக்கரே போன் செய்ய வேண்டும். செய்தியில் வந்த எண்ணுக்கு இல்லை, தன் போனில் பல வருஷமாக இருக்கும் எண்ணுக்கு. கணக்கு எண்ணை நாம் படித்துக் காட்டி “சரியா” என்று கேட்கக் கூடாது. எதிராளி அவசரத்தில் “ஆமா, ஆமா” என்றுதான் சொல்வார். கடைசி நான்கு எண்ணை அவரைச் சொல்லச் சொல்ல வேண்டும். இரண்டு நிமிட வேலை. அன்று அது நடந்திருந்தால் ஐஸ் கம்பெனி மேனேஜர், “எந்த அக்கவுண்ட்ண்ணே? நாங்க எதையும் மாத்தலையே” என்று சொல்லியிருப்பார்.

இன்னொரு ஓட்டை, முன்கூட்டிப் போட்ட கையெழுத்து. முதலாளி மதுரைக்குக் கிளம்புகிறார், சம்மாட்டிகள் காத்திருக்கிறார்கள். “என் பாஸ்வேர்டு இதும்மா, ஓடிபி வந்தா சொல்றேன், நீயே விட்டுரு.” இப்படிச் சொல்லாத சின்னக் கம்பெனியை நான் அதிகம் பார்த்ததில்லை. வங்கிப் பதிவில் இரண்டு ஐடி இருக்கும், கை ஒன்றுதான். கணக்குப் பார்க்கிறவனுக்கு இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம் இல்லை. போட்ட நேரம், விட்ட நேரம் இரண்டும் பதிவில் இருக்கும். 6.12க்குப் போட்டு 6.13க்கு விட்டிருந்தால், 23 வரியை ஒரு மனிதர் ஒரு நிமிடத்தில் படித்தார் என்று நான் நம்ப வேண்டும். முதலாளி ஊரில் இல்லாத நாளில் அவருடைய ஐடி அலுவலகக் கம்ப்யூட்டரிலிருந்தே திறக்கப்பட்டிருந்தால் அதற்குமேல் கேட்கவே வேண்டாம். இதற்குத் திட்டுவதால் பயன் இல்லை. இன்னொரு செக்கரை வங்கியில் பதிந்துகொள்வதுதான் வழி. அந்தக் கம்பெனியில் முதலாளியின் தங்கை பங்குதாரர். அவருக்கு ஒரு ஐடி வாங்கினோம். ஒரு லட்சம் வரை இருவரில் ஒருவர் விட்டால் போதும், அதற்கு மேல் இருவரும் விட வேண்டும் என்று வங்கியில் எழுதிக் கொடுத்தோம். வரம்பு வைத்தால் 95,000, 95,000 என்று இரண்டாக உடைத்து அனுப்பும் புத்தி யாருக்காவது வரும். அதனால் மாதக் கடைசியில் பயனாளி வாரியாக வரிசைப்படுத்தி, ஒரே நாளில் ஒருவருக்கே இரண்டு தடவை போயிருக்கிறதா என்று நான் பார்க்கிறேன்.

தினசரிப் படகுப் பணத்துக்கு என்ன செய்வது? 23 பேருக்கும் போன் செய்ய முடியாது. அங்கே செக்கருக்கு வேறொரு தாள் தேவை, அதுவும் மேக்கர் கையில் படாமல் வரவேண்டும். எடை போடுகிற அண்ணன் தன் நோட்டில் கடைசி வரியில் மொத்தக் கிலோவைக் கூட்டி எழுதுவார். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து நேராகத் தங்கைக்கு அனுப்பச் சொன்னோம். கோப்பிலும் ஒரு பத்தியில் கிலோ இருக்கிறது. இரண்டு மொத்தமும் ஒத்தால்தான் விடுவது.

முதல் வாரமே ஒரு நாள் தங்கையிடமிருந்து எனக்குப் போன் வந்தது. நோட்டில் 1,318 கிலோ, கோப்பில் 1,336. “பதினெட்டு கிலோ கூடுதலா இருக்கு, எல்லாத்தையும் திருப்பிரவா?” என்று கேட்டார். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எங்கள் தொழிலில் முதலில் தேடுவது இடம் மாறிய எண்ணை. பதினெட்டு என்றால், ஒன்றுக்கொன்று இரண்டு வித்தியாசம் உள்ள இரண்டு இலக்கங்கள் முன்னும் பின்னுமாக மாறியிருக்கும். “அறுபத்தெட்டு, எண்பத்தாறு இருக்கான்னு பாருங்கம்மா” என்றேன், வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை, தாள் புரளும் ஓசை மட்டும். பதினோராவது வரி. நோட்டில் 68, கோப்பில் 86. கிலோ 420 என்றால் 7,560 ரூபாய் அதிகம். காரணத்தை எழுதிக் கோப்பைத் திருப்பினார். அந்தப் பெண் திருத்தி மறுபடி போட, 7.40க்கு எல்லாருக்கும் பணம் ஏறியது. வழக்கத்தைவிட முக்கால் மணி நேரம் தாமதம். பதினோராவது வரிக்காரர் மட்டும் மறுநாள் கரையில் எடைக்கார அண்ணனிடம், “நோட்டைக் காட்டுங்க” என்று கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் போனாராம்.