எட்டு விழுக்காட்டை எப்போது தொடுவோம்?

(கோலாலம்பூரில் சிறுதொழில் முனைவோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைக்கு வணக்கம். புதுப்பொருளுக்கு விற்பனைக் கணிப்புப் போடும்போது எல்லோரும் "கடைசியில் எவ்வளவு சந்தைப் பங்கு கிடைக்கும்" என்று மல்லுக்கட்டுவார்கள். அந்தப் பங்கு எந்த ஆண்டில் கிடைக்கும் என்பதை யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. ஒரு திட்டம் லாபமா நட்டமா என்று பெரும்பாலும் தீர்மானிப்பது அந்த இரண்டாவது கேள்விதான். ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதைப் பார்ப்போம்: கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு கிலோ பாக்கெட்டில் விற்கப்போகும் அரைத்த தோசை மாவு. நான் சொல்லப்போகும் எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் சந்தை. "மலேசியாவில் இவ்வளவு இந்தியர்கள், எல்லோரும் தோசை சாப்பிடுகிறார்கள்" என்று தொடங்கினால் அது சந்தை இல்லை, ஆசை. நம் வண்டி போய்ச் சேரும் பகுதியில் 100,000 குடும்பங்கள். அதில் பாதிப் பேர் கடையில் மாவு வாங்குகிறவர்கள். மீதிப் பேர் வீட்டில் அரைக்கிறார்கள் அல்லது தோசையே சுடுவதில்லை. வாங்குகிற குடும்பம் ஆண்டுக்கு 30 பாக்கெட். ஆக 15 லட்சம் பாக்கெட். கணக்கு எளிதாக இருக்க, இது ஐந்து ஆண்டும் அப்படியே நிற்கட்டும். குடும்ப எண்ணிக்கைக்குப் புள்ளிவிவரத் துறையின் கணக்கெடுப்பு உதவும். மாதம் எத்தனை பாக்கெட் என்பதற்குச் செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் உள்ள மளிகைக் கடைக்காரரின் வாரக் கொள்முதல் பில்தான் நல்ல சாட்சி.

அடுத்து, பங்கின் உச்சவரம்பு. இதை ஊகமாகச் சொல்லக் கூடாது, மூன்றாக உடைக்க வேண்டும். வாங்குவோரில் பாதிப் பேர் போகும் கடைகளில் நம் மாவு இருக்கும். அவர்களில் 40 விழுக்காட்டினர் ஒரு தடவையாவது வாங்கிப் பார்ப்பார்கள். ஆக, மொத்தம் வாங்குவோரில் 20 விழுக்காடு நம்மை ருசி பார்த்தவர்கள். இவர்களும் மற்றவர்களைப் போலவே ஆண்டுக்கு 30 பாக்கெட் வாங்குகிறவர்கள் என்று கொள்வோம். அவர்கள் அதன்பின் வாங்கும் மாவில் 40 விழுக்காடு நம்முடையது என்றால், 20-இல் 40 விழுக்காடு, அதாவது 8. எட்டு விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 120,000 பாக்கெட்.

இந்த எண்ணை உடனே திருப்பிப் போட்டுப் பாருங்கள். 200 கடைகளில் விற்கப்போகிறோம் என்றால், ஒரு கடைக்கு வாரம் பதினொன்று, பன்னிரண்டு பாக்கெட். கடைக்காரர் "அவ்வளவு போகாதுங்க" என்று சொன்னால் 8 விழுக்காடு தாளிலேயே நின்றுவிடும். ஆலையையும் பாருங்கள். ஆண்டுக்கு 300 நாள் ஓட்டினால் நாளுக்கு 400 கிலோ அரைக்க வேண்டும். கிரைண்டரும் குளிர் அறையும் 300 கிலோவுக்குத்தான் தாங்கும் என்றால், வாடிக்கையாளர் எவ்வளவு கேட்டாலும் பங்கு 6 விழுக்காட்டோடு நின்றுபோகும்.

இப்போது விலை. கடையில் 6 வெள்ளி என்று ஒட்டியிருப்பது நம் விலை அல்ல. கடைக்காரருக்கு 1 வெள்ளி 50 காசு, விநியோகஸ்தருக்கு 30 காசு, கழிவுக்கும் திரும்பி வரும் பாக்கெட்டுக்கும் 20 காசு. கையில் சேர்வது 4 வெள்ளி. திரும்பி வரும் பாக்கெட்டை இங்கே குறைத்து மதிப்பிடாதீர்கள். புளிப்பு ஏறிக்கொண்டே இருக்கும் பொருள் இது. நம்மூர் வெயிலில் கடைக் குளிர்பெட்டி ஒரு மத்தியானம் நின்றுபோனால், பாக்கெட் பலூன்போல் உப்பி, மறுநாள் அப்படியே திரும்பி வரும். அரிசி, உளுந்து, பாக்கெட், குளிர்வண்டி எல்லாம் சேர்த்து ஒரு பாக்கெட்டுக்கு 2 வெள்ளி 40 காசு செலவு. மிச்சம் 1 வெள்ளி 60 காசு. ஒரு விழுக்காட்டுப் பங்கு 15,000 பாக்கெட். ஆகவே ஒவ்வொரு விழுக்காடும் ஆண்டுக்கு 24,000 வெள்ளி தருகிறது. சம்பளம், வாடகை, விளம்பரம் என்று நிலையான செலவு 60,000. இயந்திரத்துக்கு முதலீடு 240,000. பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் தள்ளுபடி விகிதம் ஆண்டுக்கு 12 விழுக்காடு.

இனிமேல்தான் விஷயம். முதல் ஆண்டு முடிவில் 4 விழுக்காடு, இரண்டாம் ஆண்டு முடிவில் 7, மூன்றாம் ஆண்டு முடிவில் 8, பிறகு அப்படியே என்று திட்டம். பலர் இந்த எண்களையே அந்தந்த ஆண்டின் விற்பனையில் பெருக்கிவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் நிகர நிகழ்கால மதிப்பு, அதாவது ஐந்து ஆண்டு வரவை இன்றைய மதிப்புக்குக் குறைத்து முதலீட்டைக் கழித்தால் மிஞ்சுவது, சுமார் 131,000 வெள்ளி. வங்கி அதிகாரியே புன்னகைப்பார். ஆனால் ஆண்டு முழுவதும் 4 விழுக்காடு விற்கவில்லையே! சுழியத்தில் தொடங்கி டிசம்பரில்தான் 4-ஐத் தொட்டோம். சராசரி 2. அப்படியே அடுத்தடுத்த ஆண்டுகள் 5.5, 7.5, 8, 8. முதல் ஆண்டில் 12,000 வெள்ளி நட்டம் தெரிகிறது. மதிப்பு சுமார் 51,000-க்கு இறங்குகிறது. உச்சவரம்பு மாறவில்லை, விலை மாறவில்லை. 80,000 வெள்ளி மட்டும் போய்விட்டது.

அடுத்தது கடன். கடைகள் இரண்டு மாதம் கழித்துத்தான் பணம் தரும். ஒவ்வோர் ஆண்டின் விற்பனையில் 15 விழுக்காட்டை நடைமுறை மூலதனமாக ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒதுக்கினால், முதல் ஆண்டுக்கு 18,000, இரண்டாம் ஆண்டுக்கு மேலும் 31,500. கடைசியில் இது முழுதாகத் திரும்பி வந்தாலும் காலத்தாமதத்தால் 23,000 போகிறது. மீதி மதிப்பு சுமார் 28,000. கணினித் தாளில் இதைப் போடும்போது ஒரு சின்னப் பொறி உண்டு. நிகழ்கால மதிப்பைப் போடும் NPV என்ற சூத்திரம் முதல் எண்ணை ஓராண்டு கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். ஆகவே ஐந்து ஆண்டு வரவை மட்டும் (C20:G20) உள்ளே வைத்து, இன்றைய முதலீட்டை (B20) கழித்தல் குறியோடு போட்டு வெளியே வைத்துக் கூட்ட வேண்டும்:

```
=NPV(0.12,C20:G20)+B20
```

இப்போது வேகத்தை மட்டும் மாற்றுவோம். அதே 8 விழுக்காடு, ஆனால் ஆண்டு முடிவுகள் 2, 4, 6, 8, 8. சராசரி 1, 3, 5, 7, 8. மூலதனத்தையும் அதே முறையில் சேர்த்துப் பார்த்தால் மதிப்பு கழித்தல் 93,000-க்குப் பாய்கிறது. "கடைசியில் எட்டு வந்துவிடும்" என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. ஒரே ஓர் ஆண்டு தாமதமாக வந்தது, அவ்வளவுதான். விலையும் சளைத்ததில்லை: போட்டியாளருக்குப் பயந்து நம் கைக்கு வரும் 4 வெள்ளியில் 20 காசு இறக்கினால், வேகமான ஏற்றத்திலும் 28,000 லாபம் சுமார் 34,000 நட்டமாகிவிடும். ஐந்து விழுக்காட்டு விலைக் குறைப்பு மிச்சத் தொகையில் எட்டில் ஒரு பங்கைத் தின்கிறது.

வரியை நான் விட்டுவிட்டேன். தகுதியுள்ள சிறு நிறுவனத்துக்கு முதல் 150,000 வெள்ளி வருமானத்துக்கு 15 விழுக்காடு, அதற்கு மேல் 600,000 வரை 17. தொடக்க ஆண்டு நட்டம் பின்னால் கழிக்கப்படும். உங்கள் கணக்காளர் அதைச் சேர்த்துவிடுவார். நீங்கள் ஏற்கெனவே இட்லி மாவு விற்கிறவர் என்றால், அதை விட்டு இதற்கு மாறுகிறவர்களால் இழக்கும் மிச்சத்தையும் கழித்துவிடுங்கள். இதைக் கழிக்காமல் வரும் கணிப்புகள் ஏராளம்.

எந்த ஏற்றத்தில் போகிறோம் என்பதை எப்படி அறிவது? முதல் மாத விற்பனையை நம்பாதீர்கள். 200 கடைக்குப் பன்னிரண்டு பாக்கெட் இறக்கினால் 2,400 பாக்கெட் விற்றதாகப் புத்தகத்தில் ஏறிவிடும்; அது கடைக்குப் போனது, வீட்டுக்குப் போகவில்லை. எட்டாவது வாரத்தில் ஒரு கடை எத்தனை பாக்கெட் மறு ஆர்டர் செய்கிறது, எத்தனையைத் திருப்பி அனுப்புகிறது என்று பாருங்கள். முதல் தடவை வாங்குகிறவர் விளம்பரத்தால் வருவார்; மறு ஆர்டர் மாவால் மட்டுமே வரும். முதல் ஆண்டு முடிவுக்கு 4 விழுக்காடு என்றால், 200 கடையிலும் அப்போது வாரம் ஆறு பாக்கெட்டாவது போக வேண்டும். ஆண்டின் நடுவில் அது இரண்டில் நின்றால், தாளில் உள்ள 4-ஐ 2 ஆக்கி, அன்றைக்கே கணக்கை மறுபடி ஓட்டிவிடுங்கள். இரண்டாவது கிரைண்டர் வாங்கும் முடிவு அதற்குப் பிறகு.